‘கொலை செய்யாதிருப்பாயாக’ ஐந்தாவதா, ஆறாவதா? பத்துக் கற்பனைகளின் எண்கள் ஏன் சபைக்குச் சபை மாறுகின்றன?

கேள்வி: நான் லுத்தரன் சபை, மனைவி சி.எஸ்.ஐ., பையன் படிப்பது கத்தோலிக்கப் பள்ளியில். ‘கொலை செய்யாதிருப்பாயாக’ எனக்கு ஐந்தாவது கற்பனை, மனைவிக்கு ஆறாவது. பள்ளியிலும் ஐந்தாவதுதான், ஆனால் ஒன்பதாவது மட்டும் எனக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. கத்தோலிக்கர்கள் விக்கிரகக் கற்பனையை எடுத்துவிட்டார்கள் என்கிறார் ஒருவர். யூதர்களின் வேதாகமத்தில் ‘இச்சியாதிருப்பாயாக’ யாத்திராகமம் 20:14 என்று இருக்கிறது, நம்முடையதில் 20:17. எது சரி?

பதில்:

மூன்று பேரும் சரியாகத்தான் எண்ணுகிறீர்கள். மூலத்தில் எண்களே கிடையாது, சண்டைக்கு இடம் அங்கேதான் வருகிறது. மொத்தம் பத்து என்பதை வேதாகமமே மூன்று இடங்களில் சொல்கிறது: யாத்திராகமம் 34:28, உபாகமம் 4:13, 10:4. ஆனால் யாத்திராகமம் 20-லோ உபாகமம் 5-லோ ‘இது முதலாவது, இது இரண்டாவது’ என்று ஒரு சொல்லும் இல்லை. உள்ளே இருக்கிற ஏவல்களையும் தடைகளையும் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். வேறே தேவர்கள் வேண்டாம், சொரூபம் உண்டாக்க வேண்டாம், நமஸ்கரிக்க வேண்டாம், சேவிக்க வேண்டாம் என்று தொடங்கிப் போனால் பதினான்கு, பதினைந்து வரை வரும். அவற்றைப் பத்துக்குள் அடக்க வேண்டும் என்றால் சிலவற்றைச் சேர்த்தாக வேண்டும். எதை எதோடு சேர்ப்பது என்பதில்தான் வேறுபாடு.

இந்த வேறுபாடு பத்திலும் பரவிக் கிடக்கவில்லை. தையல் பிரிகிற இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று தொடக்கத்தில், 2 முதல் 6 வரையான வசனங்களில். மற்றொன்று முடிவில், 17-ஆம் வசனத்தில். நடுவில் இருக்கிற ஏழு, அதாவது நாமத்தை வீணிலே வழங்குவதில் தொடங்கிப் பொய்ச்சாட்சி வரைக்கும் உள்ளவை, எல்லோருக்கும் அதே ஏழு துண்டுகள்தான். எண் மட்டும் ஒன்று கூடும் அல்லது குறையும். ஏழு போக மிச்சம் மூன்று இடம். தொடக்கப் பகுதியை இரண்டாகப் பிரித்தால் முடிவை ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தை ஒன்றாக வைத்தால் முடிவை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். ஒரு பக்கம் எடுத்த முடிவு மறுபக்கத்தைத் தானாக இழுத்துவிடுகிறது.

உங்கள் மனைவியின் சபை தொடக்கத்தைப் பிரிக்கிறது. ‘என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்’ என்கிற 3-ஆம் வசனம் முதலாவது. சொரூபத்தைப் பற்றிய 4 முதல் 6 வரை இரண்டாவது. அதனால் இச்சை முழுவதும் பத்தாவதில் அடங்குகிறது. இது ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன், மெதடிஸ்ட் வழி. 1947-இல் இந்த மரபுகள் கூடித்தான் சி.எஸ்.ஐ. உண்டானது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளும் இப்படித்தான் பிரிக்கின்றன, 2-ஆம் வசனத்தை முதலாவதோடு சேர்த்துக்கொள்வார்கள் என்பதுதான் வித்தியாசம். இது சீர்திருத்தக் காலத்துப் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. தவறு. முதல் நூற்றாண்டு யூதர்களான பிலோவும் யோசேப்பஸும் இப்படியே எண்ணியிருக்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன், தொடக்கத்தை ஒன்றாகச் சேர்த்தால் பத்து என்ற கணக்கு நிறையாதே என்று கேட்டார்.

உங்கள் சபையும் பையனின் பள்ளியும் தொடக்கத்தைச் சேர்த்தே வைக்கின்றன. 2 முதல் 6 வரை முழுவதும் முதலாவது. நாமம் இரண்டாவது, ஓய்வுநாள் மூன்றாவது, பெற்றோர் நாலாவது, கொலை ஐந்தாவது என்று போய், பொய்ச்சாட்சி எட்டாவதாக நின்றுவிடும். மிச்சம் இரண்டு இடத்தையும் நிரப்ப இச்சையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இது ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆகஸ்டீன் நிலைநாட்டிய வழி. இரண்டு கணக்கும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. தேவனைப் பற்றியவை மூன்று, பிறனைப் பற்றியவை ஏழு என்று வருவது திரித்துவத்துக்குப் பொருத்தமாகத் தோன்றியதால் இதைத் தேர்ந்தார். மேற்கத்தியத் திருச்சபை முழுவதும் அதை எடுத்துக்கொண்டது. ஆகஸ்டீனிய மடத்தில் துறவியாக இருந்த லுத்தர் 1529-இல் சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோது எண்ணை மாற்றவில்லை. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரிகள் கொண்டுவந்ததும் இதே எண்ணைத்தான். அதனால் தமிழ்நாட்டில் புராட்டஸ்டண்டு சபைகளுக்குள்ளேயே இரண்டு கணக்கு ஓடுகிறது.

யூதர்களின் வழி மூன்றாவது. எபிரெய மூலம் இவற்றைக் ‘கற்பனைகள்’ என்று சொல்லவில்லை, ‘பத்து வார்த்தைகள்’ என்கிறது. வார்த்தை என்றால் அது ஏவலாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதனால் ‘உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே’ என்கிற 2-ஆம் வசனமே முதல் வார்த்தை. வேறே தேவர்களும் சொரூபமும் சேர்ந்து இரண்டாவது. இச்சை முழுவதும் பத்தாவது. 3-ஆம் வசனம் முதலாவதில் இருக்கிறதா இரண்டாவதிலா என்பதைத் தவிர, மற்ற எண்களெல்லாம் உங்கள் மனைவியின் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகும்.

இப்போது முதல் தையலைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். வேறே தேவர்களும் சொரூபமும் ஒரே கற்பனையா இரண்டா என்பதற்கு மொழியிலேயே ஒரு தடயம் இருக்கிறது. 5-ஆம் வசனம் ‘நீ அவைகளை நமஸ்கரிக்கவும் சேவிக்கவும் வேண்டாம்’ என்கிறது. ‘அவைகளை’ என்றால் எவைகளை? எபிரெயத்திலும் அந்த இடத்தில் பன்மைதான். ஆனால் அதற்கு முன்னால் 4-ஆம் வசனத்தில் சொல்லப்பட்ட விக்கிரகம் ஒருமை. பன்மையாக நிற்பது 3-ஆம் வசனத்தின் ‘வேறே தேவர்கள்’. அப்படியானால் 5-ஆம் வசனம் 4-ஐத் தாண்டிப் போய் 3-ஐப் பிடிக்கிறது. 3 முதல் 6 வரை ஒரே பேச்சு. ‘நமஸ்கரிக்க’, ‘சேவிக்க’ என்ற இரண்டு வினைகளும் சேர்ந்து வரும்போது உபாகமத்தில் பெரும்பாலும் வேறே தேவர்களைப் பற்றியே பேசப்படுகிறது. 8:19-ஐயும் 11:16-ஐயும் பாருங்கள். ‘எரிச்சலுள்ள தேவன்’ என்ற காரணமும், இன்னொரு தேவனைத் தேடிப் போவதைத் தடுப்பதற்குத்தான் இயல்பாகப் பொருந்துகிறது.

இந்த வாதம் யாத்திராகமத்தைவிட உபாகமத்தில் பலமாக இருக்கிறது. யாத்திராகமம் 20:4-இல் எபிரெயம் ‘விக்கிரகமும் எந்த ஒரு சாயலும்’ என்று ‘உம்’ போட்டு இரண்டு பொருளாகச் சொல்கிறது. இரண்டு ஆகிவிட்டால் ‘அவைகள்’ என்று சொல்லலாம்தானே? உபாகமம் 5:8-இன் எபிரெயத்தில் அந்த ‘உம்’ இல்லை; ‘விக்கிரகம், எந்தச் சாயலானாலும்’ என்கிற மாதிரி ஒரே பொருளாக நிற்கிறது. அங்கே பன்மைக்கு இடம் தேடினால் ‘வேறே தேவர்கள்’ வரை போக வேண்டியிருக்கிறது. ஒரே ஓர் எழுத்து வித்தியாசம்தான்.

பிரிப்பவர்கள் பக்கமும் நல்ல பதில் உண்டு. யாத்திராகமம் 32-இல் பொன் கன்றுக்குட்டியைச் செய்த ஆரோன் ‘நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை’ என்று கூறுகிறான். வேறே தேவன் என்று அவன் சொல்லவில்லை. கர்த்தரின் பெயரிலேயே பண்டிகை. ஆனாலும் அது பாவம். அப்படியென்றால் ‘யாரை வணங்குவது’ ஒரு கேள்வி, ‘எந்த முறையில் வணங்குவது’ இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனிக் கற்பனை வேண்டும் என்பது கால்வின் வழியினரின் வாதம். இலக்கணத்தை மட்டும் வைத்துச் சொல்லச் சொன்னால் சேர்ப்பவர்கள் பக்கம் தட்டு கொஞ்சம் தாழ்கிறது என்பேன். பொருளை வைத்துப் பார்த்தால் பிரிப்பவர்களை எளிதில் தள்ளிவிட முடியாது.

‘கத்தோலிக்கர்கள் விக்கிரகக் கற்பனையை எடுத்துவிட்டார்கள்’ என்பதற்கும் இங்கேயே விடை வந்துவிடுகிறது. எடுக்கவில்லை. அவர்களுடைய வேதாகமத்தில், விடுதலைப் பயணம் 20:4-6-இல், அது முழுதாக இருக்கிறது. முதல் கட்டளையின் உட்பகுதியாக எண்ணப்படுவதால் தனி எண் இல்லை, அவ்வளவுதான். மனப்பாடம் செய்யும் சுருக்க வடிவில் ஒவ்வொரு கட்டளைக்கும் முதல் வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவார்கள். அப்படிச் சுருக்கும்போது சொரூபத்தைப் பற்றிய வாக்கியம் காதில் விழாமல் போகிறது. ஓய்வுநாள் கட்டளையிலும் ஆறு நாள் வேலை, வேலைக்காரன், மிருகஜீவன், அந்நியன் எல்லாம் இதே சுருக்கத்தில் போய்விடுகின்றன. அதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. லுத்தரின் சிறிய ஞானோபதேசமும் முதல் கற்பனையை ‘வேறே தேவர்கள்’ என்பதோடு நிறுத்துகிறது. குற்றம் சொல்பவர் உங்கள் சபையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் சுருக்கத்தை மட்டுமே படித்து வளர்ந்த ஒருவருக்கு அந்த வசனங்கள் பழக்கமே இல்லாமல் போகக்கூடும் என்பதும் உண்மை. அந்த அளவுக்கு அவர் சொல்வதில் நியாயம் உண்டு.

இனி முடிவில் இருக்கும் தையல். நீங்களும் பள்ளியும் ஒன்பதாவதில் முட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். யாத்திராகமம் 20:17 ‘பிறனுடைய வீட்டை இச்சியாதிருப்பாயாக’ என்று தொடங்குகிறது. அதன் பிறகு மனைவி, வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை. உபாகமம் 5:21 ‘பிறனுடைய மனைவியை இச்சியாதிருப்பாயாக’ என்று தொடங்குகிறது. அதன் பிறகு வீடு, நிலம், வேலைக்காரர், எருது, கழுதை. கத்தோலிக்கர்கள் உபாகமத்தின் வரிசையை எடுத்தார்கள்: ஒன்பதாவது பிறர் தாரம், பத்தாவது பிறர் உடைமை. லுத்தர் யாத்திராகமத்தின் வரிசையை எடுத்தார்: ஒன்பதாவது பிறனுடைய வீடு, பத்தாவது மனைவி முதல் கழுதை வரை. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2066-ஆம் பத்தியில், தங்கள் பிரிவும் லுத்தரன் அறிக்கைகளின் பிரிவும் ஒன்றே என்கிறது. எட்டு வரைக்கும் அது சரி. அதற்கு மேல் உங்களுக்கு நேர்ந்த குழப்பம் நேரும்.

இதில் எது பொருத்தம்? யாத்திராகமத்தில் ‘வீடு’ முதலில் வருவதால், அதைக் கட்டடமாக எடுத்துக்கொள்ளாமல் குடும்பம், குடித்தனம் என்ற பொருளில் எடுக்கலாம். ‘வீட்டில்’ என்று தமிழில் மனைவியையே சொல்வதில்லையா, ஏறக்குறைய அந்த மாதிரி. அப்படி எடுத்தால் மனைவியும் வேலைக்காரரும் எருதும் அந்த வீட்டுக்குள் அடங்கியவற்றின் பட்டியல். முழு வசனமும் ஒரே கற்பனை. உபாகமத்தில் வீடு நிலத்தோடு ஜோடி சேர்ந்து வருகிறது, ஆக அங்கே அது கட்டடம்தான். மனைவி தனியாக முன்னால் நிற்கிறாள். போதாததற்கு எபிரெயத்தில் அங்கே வினைச்சொல்லும் மாறுகிறது: மனைவிக்கு ‘ஹாமத்’ என்ற வினை, வீடு முதலானவற்றுக்கு ‘ஆவா’ என்ற வேறொரு வினை. யாத்திராகமத்தில் இரண்டு இடத்திலும் ‘ஹாமத்’தான். நமது பழைய மொழிபெயர்ப்பு நான்கு இடத்திலும் ‘இச்சியாதிருப்பாயாக’ என்றே போட்டுவிட்டதால் தமிழில் படிக்கும்போது இந்த மாற்றம் தெரியாது. ஆகவே இச்சையை இரண்டாகப் பிரிக்கிறவர்களுக்கு உபாகமம் கை கொடுக்கிறது. ஒன்றாக வைப்பவர்களுக்கு யாத்திராகமம். மூன்றிலும் தர்க்கத்துக்குக் கொஞ்சம் இடிக்கிறது லுத்தரின் பிரிவுதான்: வீட்டைத் தனியாக வெட்டி எடுத்துவிட்டு, மனைவியையும் எருதையும் கழுதையையும் ஒரே கற்பனையில் வைக்கிறது. அவரே பெரிய ஞானோபதேசத்தில் ஒன்பதையும் பத்தையும் சேர்த்தே விளக்குகிறார்.

இவ்வளவு சொன்ன பிறகு யூதர்களின் தோரா சுருளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். சுருளில் வசன எண் கிடையாது. வசனம் முடிகிற குறிகூடக் கிடையாது. ஆனால் பகுதிக்கும் பகுதிக்கும் நடுவே வெற்றிடம் விட்டு எழுதுவார்கள். அந்த இடைவெளியை விடாமல் எழுதினால் சுருளே செல்லாது என்னும் அளவுக்கு அது கட்டாயம். பத்து வார்த்தைகளில் இடைவெளிகள் எங்கே விழுகின்றன? 2 முதல் 6 வரை ஒரே தொகுதி, நடுவில் வெட்டு இல்லை. நாமம், ஓய்வுநாள், பெற்றோர், கொலை, விபசாரம், களவு, பொய்ச்சாட்சி ஒவ்வொன்றும் தனி. கடைசியில் ‘பிறனுடைய வீட்டை இச்சியாதிருப்பாயாக’ முடிந்ததும் ஓர் இடைவெளி, பிறகு மனைவி முதலானவை. மொத்தம் பத்துத் தொகுதிகள். எழுத்தர்கள் விட்ட இடைவெளியை எண்ணினால் வருவது யூதர்களின் சொந்த எண் அல்ல, உங்கள் லுத்தரன் எண்! உபாகமத்தின் இடைவெளிகளை எண்ணினால், அங்கே மனைவி முதலில் வருவதால், கத்தோலிக்க எண் வரும். இதை வைத்து யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பகுதி இடைவெளி வேறு, எண்ணும் மரபு வேறு. யூதர்களிடம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன.

வசன எண்ணில் நீங்கள் கண்ட மூன்று எண் வித்தியாசமும் இப்படிப்பட்ட இன்னொரு அடுக்குதான். அதைக் கற்பனைகளின் எண்ணோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நமது வேதாகமத்தில் கொலை 13, விபசாரம் 14, களவு 15, பொய்ச்சாட்சி 16. பல யூதப் பதிப்புகளில் இந்த நான்கும் ஒரே வசனம், 13. அதனால் இச்சை 14-ஆம் வசனமாகிறது; நமது 20:18 அவர்களுக்கு 20:15; நமக்கு 26 வசனங்களில் முடிகிற அதிகாரம் அவர்களுக்கு 23-இல் முடியும். 21-ஆம் அதிகாரம் தொடங்கியதும் கணக்கு மறுபடி ஒன்றாகிவிடும். உபாகமம் 5-இலும் இதே மூன்று எண் சறுக்கல்: நமது 5:21 அவர்களுக்கு 5:18, நமக்கு 33 வசனம், அவர்களுக்கு 30.

நான்கு கற்பனைகளை ஒரே வசனத்தில் ஏன் அடைத்தார்கள்? எபிரெயத்தில் ‘கொலை செய்யாதே’ என்பது இரண்டே சொற்கள். இரண்டு சொல்லில் ஒரு வசனம் என்பது வழக்கத்துக்கு மிகவும் சிறியது. மறுபக்கம், ஓய்வுநாள் கற்பனை ஒரு வசனத்தில் அடங்காத அளவுக்கு நீளம். அதை நான்காகப் பிரித்தார்கள். வாசிப்பு வசதிக்காகச் செய்த பிரிப்பு இது. ஆனால் தொழுகைக்கூடத்தில் ராகத்தோடு வாசிக்கும்போது பத்து வார்த்தைகளும் பத்து வார்த்தைகளாகவே காதில் விழ வேண்டும் அல்லவா? அதற்காக இந்தப் பகுதிக்கு இரண்டு வகை ராகக் குறிகள் இருக்கின்றன. ‘கீழ் ராகம்’ சாதாரண வசன அளவுக்கு வெட்டுவது. ‘மேல் ராகம்’ கற்பனைக்கு ஒன்றாக வெட்டுவது. அதில் ஓய்வுநாளின் நான்கு வசனமும் ஒரே மூச்சான நீண்ட வசனம், கொலையும் களவும் இரண்டிரண்டு சொல்லில் தனித்தனி வசனம். சபைக்கு முன் வாசிக்கும்போது, குறிப்பாகப் பெந்தெகொஸ்தே என்று நாம் சொல்லும் ஷாவுவோத் பண்டிகையன்று, மேல் ராகம். தனியாகப் படிக்கும்போது கீழ் ராகம். எந்த நாளில் எது என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் மாறும்.

எபிரெய வேதாகமம் ஒன்றைத் திறந்து யாத்திராகமம் 20-ஐப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். அதிகாரத்தின் மற்ற வரிகளைவிட இந்த வரிகளில் குறிகள் இரட்டையாக நெருக்கியடித்து நிற்கும். ‘கொலை செய்யாதே’ என்பதன் இரண்டாவது சொல்லில் ஒரே எழுத்தின் கீழே இரண்டு உயிர்க்குறிகள்கூட இருக்கும். எபிரெயத்தில் வாக்கியம் ஓய்கிற இடத்தில் உயிர் மாறி ஒலிக்கும். மேல் ராகத்தில் அந்தச் சொல்லோடு வசனம் முடிகிறது, அதனால் ஓர் ஒலி. கீழ் ராகத்தில் வசனம் அதைத் தாண்டி ஓடுகிறது, அதனால் வேறு ஒலி. அச்சில் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். விவரம் தெரியாதவர் அச்சுப்பிழை என்று நினைப்பார்.

இன்னொரு சறுக்கலையும் சொல்லிவிட வேண்டும். வரிசையே மாறுகிற பழைய பிரதிகள் இருக்கின்றன. எகிப்தில் கிடைத்து இப்போது கேம்பிரிட்ஜில் இருக்கும் நாஷ் பாப்பிரஸ், கிறிஸ்துவுக்கு முந்தியது. அதில் விபசாரம் முதலில், கொலை பிறகு. பிலோவும் அந்த வரிசையில்தான் பேசுகிறார். புதிய ஏற்பாட்டில் லூக்கா 18:20-உம் ரோமர் 13:9-உம் விபசாரத்தில் தொடங்குகின்றன. மத்தேயு 19:18 கொலையில் தொடங்குகிறது. சமாரியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நமது பத்தையும் ஒன்பதுக்குள் அடக்கிவிட்டு, கெரிசீம் மலையில் பலிபீடம் கட்டச் சொல்லும் கட்டளையைப் பத்தாவதாக வைத்தார்கள். அதற்கான சொற்கள் பெரும்பாலும் உபாகமம் 27-இலிருந்தும் 11-இன் கடைசியிலிருந்தும் எடுத்துக் கோத்தவை.

நடைமுறையில் இதனால் உண்மையிலேயே தவறு நேர்வது ‘ஆறாவது’, ‘ஏழாவது’ என்று எண்ணை மட்டும் சொல்கிற இடங்களில். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1395-ஆம் விதி ‘ஆறாவது கட்டளைக்கு எதிரான’ குற்றம் செய்த குருக்களைப் பற்றிப் பேசுகிறது. உங்கள் மனைவி அதைப் படித்தால் கொலைக்குற்றம் என்று நினைப்பார். அது பேசுவது பாலியல் குற்றத்தை. ஆங்கிலப் பிரசங்கத்தைத் தமிழாக்குகிறவர்கள் ‘ஏழாவது கற்பனையை மீறினான்’ என்று எண்ணை மட்டும் பெயர்த்தால், ஒரு சபையில் அது விபசாரம், இன்னொரு சபையில் களவு. எழுதியவர் எந்தச் சபை என்று தெரியாவிட்டால், நாமம் அவருக்கு எத்தனையாவது என்று தேடுங்கள். இரண்டாவது என்றால் கத்தோலிக்கர் அல்லது லுத்தரன். மூன்றாவது என்றால் மற்றவர்கள். நாமத்திலிருந்து பொய்ச்சாட்சி வரை முதல் கூட்டத்தின் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் இரண்டாம் கூட்டத்தின் எண் வந்துவிடும். கற்பலகைப் படம் இருந்தால் இன்னும் சுலபம்: மூன்றும் ஏழுமாகப் பிரித்திருந்தால் ஆகஸ்டீன் வழி, நான்கும் ஆறுமாக இருந்தால் பெரும்பாலும் கால்வின் வழி, ஐந்தும் ஐந்துமாக இருந்தால் யூத வழி. ஆனால் படம் வரைகிறவர்கள் அழகுக்காக ஐந்தைந்தாக வைப்பதும் உண்டு, அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

பையனுக்குப் பள்ளித் தேர்வில் பள்ளியின் எண், ஞாயிறு பள்ளியில் சபையின் எண் என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் எண்ணுக்குப் பக்கத்தில் கற்பனையின் முதல் சொற்களையும் எழுதிவிட்டால் திருத்துகிறவருக்குச் சந்தேகம் வராது. வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு என்றால் எண் போடாமல் யாத்திராகமம் 20:2-17-ஐ முழுதாக அச்சடித்து மாட்டுங்கள். யூத நூல் எதையாவது மேற்கோள் காட்டும்போது மட்டும், 20:13-க்குப் பிறகு வருகிற வசன எண் எந்தப் பதிப்பினுடையது என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.